நீட் கிடைக்காத வலி ஏன் இத்தனை நாள் நீடிக்கிறது, சொந்தக்காரர்களின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: ப்ளஸ் டூ முடிச்சு ரெண்டு தடவை நீட் எழுதினேன். ரெண்டாவது தடவை அரசு இடத்துக்கு 5 மார்க் குறைஞ்சுபோச்சு. இப்ப பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி ரெண்டாம் வருஷம். இன்னும் ராத்திரி படுத்தா அதே நினைப்பு. சொந்தக்காரங்க யாரைப் பார்த்தாலும் "நீட் என்னாச்சு"ன்னு கேக்கறாங்க. அதனால எங்கயும் போறதே இல்லை. அடுத்த மாசம் சித்தப்பா பொண்ணு கல்யாணம், போகாம இருக்க முடியாது. இந்த வலி எப்பதான் போகும்?

பதில்:

5 மார்க் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். வலி இவ்வளவு நாள் இழுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

நீட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழியும். ஆக, தவறாக நிரப்பிய ஒரே ஒரு வட்டம் சரியாக இருந்திருந்தால் 5 மதிப்பெண் கூடியிருக்கும். 180 கேள்விகளில் ஒன்று. போதாக்குறைக்கு, வினாத்தாளை வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம். பிறகு விடைக்குறிப்பும் நாம் நிரப்பிய ஓ.எம்.ஆர். தாளின் படமும் இணையத்தில் வந்துவிடும். எந்தக் கேள்வியில் போனது என்று தேடிக் கண்டுபிடிக்க எல்லா வசதியும் இருக்கிறது. ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளில் அந்த வினாத்தாளை பீரோவில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அதைக் கொண்டுவந்து காட்டினாள். இயற்பியல் கேள்வி ஒன்றில் இரண்டாவது விடைக்குப் பேனாவால் டிக் போட்டு, அதை அடித்துவிட்டு, மூன்றாவதைச் சுழித்திருந்தாள். இரண்டாவதுதான் சரி. எத்தனை தடவை பிரித்து மடித்தாளோ, அந்தப் பக்கம் மட்டும் ஓரத்தில் கிழிந்திருந்தது.

நூலிழையில் தவறியது ஏன் கூடுதலாக வலிக்கிறது என்பதை உளவியலில் ஆராய்ந்திருக்கிறார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை வீடியோவில் பார்த்து மதிப்பிட்ட ஓர் ஆய்வு 1995இல் வெளியானது. வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் அதிக மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் மனதில் கைநழுவிய தங்கம் ஓடுகிறது. வெண்கலக்காரருக்கோ, கொஞ்சம் தவறியிருந்தால் பதக்கமே இல்லை என்ற எண்ணம். உங்கள் நிலையும் இதுதான். 200 மதிப்பெண் குறைந்தவர் பெரும்பாலும் கொஞ்ச நாள் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். லட்சக்கணக்கானவர்களைவிட அதிகம் வாங்கிய நீங்கள் இரண்டு வருடமாகத் தூங்காமல் புரள்கிறீர்கள். "மனசுல தெம்பில்ல, அதான் இன்னும் அழுவுறா" என்று வீட்டில் யாராவது சொன்னால் அது உண்மையில்லை.

இந்த நினைப்பு ஒரு ஓரவஞ்சனையான கணக்குப் போடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தவறிப்போன அந்த ஒரு கேள்வியை மட்டும் அது திருத்துகிறது. தெரியாமல் குத்துமதிப்பாக நிரப்பி, சரியாக அமைந்த கேள்விகளை அது தொடுவதே இல்லை. திண்டுக்கல் பெண்ணிடம் அந்த வினாத்தாளை ஒரு முறை முழுசாகப் பார்க்கச் சொன்னேன், ஊகத்தில் விழுந்த சரியான விடைகளுக்குப் பக்கத்தில் புள்ளி வைக்கச் சொன்னேன். தாவரவியலில் மட்டுமே நாலு புள்ளி வந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதெல்லாம் போயிருந்தா இன்னும் கீழ போயிருப்பேன் மேடம்" என்றாள். அதோடு, கட் ஆஃப் என்பது தேர்வு நாளில் எங்கேயும் எழுதிவைத்த எண் கிடையாது. தாள் எவ்வளவு எளிது, எத்தனை பேர் எவ்வளவு வாங்கினார்கள், உங்கள் பிரிவில் எத்தனை இடம் என்பதையெல்லாம் பொறுத்து, கலந்தாய்வு முடியும்போதுதான் கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில் நின்றது என்று தெரிகிறது. அந்த 5 மார்க் குறையும் என்று தேர்வறையில் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

வலி நீள்வதற்கு இன்னொரு காரணம், இந்தத் தேர்வுக்குக் கதவடைப்பு என்பதே கிடையாது. குடிமைப் பணித் தேர்வென்றால் பொதுப் பிரிவினருக்கு 6 வாய்ப்பு, 32 வயது என்று ஒரு வரம்பு உண்டு. அழுதாலும் ஒருநாள் அது தானாக முடிந்துவிடும். நீட்டுக்கு வாய்ப்புகளுக்கு வரம்பில்லை, வயது உச்சவரம்பும் இப்போது இல்லை. அதனால் "இன்னொரு தடவை எழுதலாமே" என்று எந்த மாமாவும் எந்த வருடமும் சொல்லலாம், அது பொய்யான யோசனையும் அல்ல. நீங்களும் மனதுக்குள் பாதி படித்துக்கொண்டு, பாதி விட்டுவிட்டு இருப்பீர்கள். கல்லூரிப் பாடத்தைத் திறந்தால் நீட் புத்தகம் நினைவுக்கு வரும், நீட் புத்தகத்தைத் திறந்தால் செமஸ்டர் நினைவுக்கு வரும். கைக்கு எட்டாத குறிக்கோள்களைப் பற்றி கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல வருடங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றை முழுசாக விடவும் வேறொன்றைப் பற்றிக்கொள்ளவும் முடிந்தவர்கள் மனநலத்தில் மேலாக இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் தொங்குவதுதான் ஆளை வாட்டுகிறது.

ஆகவே முதல் வேலை ஒரு முடிவெடுப்பது. இன்னொரு முறை எழுதுவதும் மரியாதையான முடிவுதான். ஆனால் நிபந்தனைகளோடு எடுக்க வேண்டும்: இந்த ஒரு வருடம்தான், இவ்வளவு செலவுதான், போன முறை எந்தப் பாடத்தில் மதிப்பெண் போனதோ அங்கே இந்த முறை என்ன மாறும் என்பதற்குத் தெளிவான பதில். அந்தப் பதில் "இன்னும் நல்லாப் படிப்பேன்" என்பதாக மட்டும் இருந்தால் அது போதாது. எழுதுவதில்லை என்று முடிவெடுத்தால் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள், புத்தகங்களைத் தேவைப்படும் பிள்ளைக்குக் கொடுங்கள். எந்த முடிவாக இருந்தாலும் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துவிடுவது நல்லது. மண்டபத்தில் என்ன பதில் சொல்வது என்பது இதைப் பொறுத்தது.

எழுதுவதில்லை என்ற முடிவென்றால், இழந்ததற்காக முறையாக அழவும் வேண்டும். மரணம் நடந்தால் வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள், காரியம் செய்வார்கள், அழுவதற்கு ஒரு இடம் கிடைக்கும். எட்டாம் வகுப்பிலிருந்து சுமந்த கனவு போனால் யாரும் வருவதில்லை. "சரி விடு, அடுத்து என்ன" என்று ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படிச் சுற்றியிருப்பவர்கள் ஏற்றுக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி 1989இலேயே எழுதினார். துக்கப்பட உரிமை இல்லாதபோது அது தீராமல் தங்கிவிடுகிறது.

இதற்கு நான் சொல்லும் பயிற்சி எளிது. தொடர்ந்து நாலு நாள், தினமும் 15 நிமிடம், அந்தக் கனவைப் பற்றிக் கையால் எழுதுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம், யாரும் படிக்கப்போவதில்லை. முதல் இரண்டு நாள் மனம் கனக்கும், அது இயல்பு. மூன்றாம் நாள் ஒன்றை மட்டும் பிரித்து எழுதுங்கள்: டாக்டர் ஆவதில் எனக்கு எது வேண்டியிருந்தது? திண்டுக்கல் பெண் மூன்று எழுதினாள். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது, ஊரில் அப்பாவைப் "டாக்டர் அப்பா" என்று கூப்பிடுவது. இரண்டாவதுக்கு அவள் படித்துக்கொண்டிருந்த படிப்பிலேயே இடம் இருந்தது. முதலாவதுக்கு வேறு வழிகள் உண்டு. மூன்றாவதுக்கு வழியில்லை. அதற்காகத்தான் அவள் உண்மையில் அழுதாள், அதுவரை அவளுக்கே அது தெரியவில்லை. எழுத எழுத மூச்சுமுட்டுவதுபோல ஆகிறது, நாலு நாளுக்குப் பிறகும் மோசமாகவே இருக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். இது எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை.

இனி சொந்தக்காரர்கள். நீங்கள் எங்கேயும் போகாமல் இருப்பது அந்தந்த நாளுக்கு நிம்மதி தருகிறது, ஆனால் பயத்தை வளர்ப்பதும் அதுதான். ஒவ்வொரு முறை வீட்டில் தங்கிவிடும்போதும் "போயிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்" என்று மனம் பாடம் படிக்கிறது. தாங்கிப் பார்த்தால்தானே அது பொய்யென்று தெரியும்? இதை மாற்ற, மண்டபத்துக்கு நேராகப் போய் நிற்க வேண்டாம். சிறியதில் தொடங்கி ஏற வேண்டும். முதலில் உங்களிடம் பிரியமாக இருக்கும் ஒருவரிடம், அத்தையோ பாட்டியோ, போனில் பேசுங்கள், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அரை மணி நேரம். பிறகு நலங்கு, பந்தக்கால் மாதிரி சிறிய கூட்டம். கேள்வி வந்ததும் பாத்ரூமுக்கோ மொட்டைமாடிக்கோ எழுந்து ஓடிவிடாதீர்கள். படபடப்பு உச்சத்துக்குப் போய், அங்கேயே இருந்தால் தானாக இறங்கும். இறங்கும்வரை உட்கார்ந்திருந்தால்தான் பலன்.

பதிலைப் பொறுத்தவரை மூன்று வாக்கியம் போதும், அவற்றை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். திண்டுக்கல் பெண் பழகியது இதுதான்: "கிடைக்கலை பெரியம்மா. ரெண்டு தடவை எழுதினேன், அதோட விட்டுட்டேன். இப்ப மைக்ரோபயாலஜி படிக்கிறேன், லேப்ல பாக்டீரியா வளர்க்கிறோம்." உடனே எதிர்க்கேள்வி ஒன்று: "உங்க முட்டிவலி இப்ப எப்படி இருக்கு?" முதல் வாக்கியத்தில் முடிவு வந்துவிடுகிறது, துருவுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவதில் யோசனை சொல்லும் வழி அடைபடுகிறது. மூன்றாவது அடுத்த பேச்சுக்கு விஷயம் கொடுக்கிறது. பாதிப் பேர் சும்மா பேச்சுக்குக் கேட்பவர்கள்தான், முட்டிவலி பக்கம் சந்தோஷமாகத் திரும்பிவிடுவார்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஒன்று, விளக்கம் சொல்வது. "5 மார்க்லதான் பெரியம்மா போச்சு, அந்த வருஷம் கட் ஆஃப் ஏறிடுச்சு" என்று ஆரம்பித்தால், "5 மார்க்தானே, இன்னொரு தடவை எழுதியிருக்கலாமே" என்றுதான் பதில் வரும். உங்கள் ராத்திரி நினைப்பையே இன்னொருவர் வாயால் கேட்பீர்கள். இன்னொன்று, "ட்ரை பண்ணிட்டு இருக்கேன்" என்று சமாளிப்பது. அன்றைக்குத் தப்பித்துவிடலாம், ஆனால் அடுத்த ஜூனில் ரிசல்ட் வரும்போது அதே ஆள் போன் போட்டுக் கேட்பார், கேட்க அவருக்கு உரிமையும் இருக்கும்.

மூன்று வாக்கியத்துக்கும் அசையாத ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. "பிலிப்பைன்ஸ்ல சேர்த்திருக்கலாம்", "பக்கத்து வீட்டுப் பொண்ணு மூணாவது தடவைல வாங்கிட்டா பாரு" என்பார்கள். அவர்களிடம் வாதாட வேண்டாம், புது வாக்கியமும் வேண்டாம். "அது முடிஞ்சுபோச்சு மாமா" என்பதையே அதே குரலில் இரண்டாம் முறையும் சொல்லுங்கள். மூன்றாம் முறை கேட்டால், "அம்மா கூப்பிடறாங்க, வந்துடறேன்" என்று எழுந்துபோகலாம். பதில் சொல்லிவிட்டு எழுந்துபோவதற்கும் பதில் சொல்லாமல் ஓடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நான் அதிகம் கவலைப்படுவது அப்பா அம்மாவைப் பற்றித்தான். நீங்கள் மூன்று வாக்கியத்தில் அழகாக முடித்துவைத்ததை, பக்கத்திலிருந்து அம்மா, "பாவம், அஞ்சு மார்க்ல போச்சுங்க்கா, ராத்திரியெல்லாம் அழுவா" என்று பிரித்துவிடுவார். அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு பேச்சில் நீங்கள் மறுபடியும் அந்த வினாத்தாளின் பக்கத்துக்கே போய்விடுவீர்கள். திண்டுக்கல் பெண்ணின் அப்பா வேறு மாதிரி. கோச்சிங்குக்கு நகையை அடகு வைத்தவர், யாராவது கேட்டால் பேச்சைத் தவிர்த்து வெளியே போய் நின்றுவிடுவார். மகள் அதை "என்னால அப்பாவுக்கு அவமானம்" என்று எடுத்துக்கொண்டாள். இருவரையும் உட்காரவைத்துக் கேட்டபோது அவர், "அவ முன்னாடி அதப் பேசினா அவளுக்கு வலிக்குமேன்னுதான் எந்திரிச்சுப் போறேன்" என்றார். இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் இது அவளுக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், சாப்பாடு முடிந்து எல்லோரும் நிதானமாக இருக்கும்போது கேளுங்கள்: "மண்டபத்துல யாராவது கேட்டா நான் இப்படித்தான் சொல்லப்போறேன். நீங்களும் இதையே சொல்லுங்க, மார்க்கைப் பத்திப் பேச வேண்டாம். நான் பக்கத்துல இருந்தா நானே சொல்லிக்கறேன்." அவர்களும் வாய்விட்டு ஒரு முறை சொல்லிப் பார்க்கட்டும். அந்த வீட்டில் அப்பா முதலில் சொல்லும்போது "கிடைக்கலை" என்பதிலேயே தொண்டை அடைத்துவிட்டது. நாலைந்து முறைக்குப் பிறகு, "கிடைக்கலை மச்சான், இப்ப மைக்ரோபயாலஜி படிக்குது, நல்லாப் படிக்குது" என்று சாதாரணமாக வந்தது. மகளுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய மருந்தாக இருந்தது.

முன்னேற்றம் இருக்கிறதா என்பதை "இன்னும் வலிக்குதா" என்று கேட்டுப் பார்க்காதீர்கள், ஆமாம் என்றுதான் வரும். ஒரு கேள்விக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அவளுக்கு ஆரம்பத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்வந்தால் மூன்று நாள் சாப்பாடு இறங்காது. அப்புறம் ஒரு நாள் ஆனது, பிறகு ஒரு சாயங்காலம். கேள்வி வரும்போது முகம் சுருங்குவது அப்போதும் இருந்தது.

மே, ஜூனில் மறுபடியும் கிளம்பும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தேர்வு பெரும்பாலும் மே முதல் ஞாயிறு நடக்கிறது, ஜூனில் முடிவு வருகிறது, பேப்பர், டிவி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் அதுவாகவே இருக்கும். அந்தச் சமயத்தில் தூக்கம் கெட்டால் எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரிசல்ட் வரும் வாரம் ஸ்டேட்டஸ் பார்ப்பதை நிறுத்துங்கள், அந்த ஞாயிறை வேறு ஒரு வேலைக்கு முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது: ராத்திரித் தூக்கம். இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருக்கிறது, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, படித்தது மண்டையில் ஏறவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மேலே சொன்ன பயிற்சிகள் அதற்குப் போதாது, சிகிச்சை வேண்டும், சிகிச்சையில் தேறும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். வெளியே தெரிந்துவிடும் என்று தயங்கினால் முதலில் 14416க்கு போன் செய்யுங்கள். அது டெலி மானஸ், கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். செத்துவிடலாமா என்ற நினைப்பு ஒரு முறை வந்திருந்தாலும் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லிவிட்டு 14416க்கு அழையுங்கள், அன்று இரவு தனியாகப் படுக்காதீர்கள்.